சிறுகதையைக் குறும்படமாக்கும்போது எதை வெட்டுவது, எதைக் காட்டுவது, எதை வாய்ஸ் ஓவரில் சொல்வது: அடிக்கடி வரும் கேள்விகள்

எல்லாப் பதில்களுக்கும் ஒரே கதையைத்தான் உதாரணமாக எடுத்திருக்கிறேன். ஒரு நண்பர் எழுதிய, இன்னும் அச்சில் வராத கதை அது. அதை 12 நிமிடப் படமாக்கியபோது திரைக்கதையிலிருந்து எடிட்டிங் முடியும்வரை கூடவே இருந்தேன்.

கதை இதுதான். வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவருக்கு இடது காது முழுதாகப் போய்விட்டது, அதை யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறார். கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு பெண், இறந்துபோன தன் அப்பாவின் பழைய வால்வு ரேடியோவைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். மூன்று நாள் வேலை செய்கிறார். அவள் வாங்க வரும் அன்று ரேடியோவைப் போட்டால் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, ரிப்பேர் ஆகவில்லை என்று நினைத்துவிடுகிறார். உண்மையில் சத்தம் மெலிதாக வந்துகொண்டிருக்கிறது. பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து ரேடியோவை அவருடைய வலது பக்கம் திருப்பி வைக்கிறான். முழுக்க முழுக்க மெக்கானிக்கே சொல்வது போல, 'நான்' என்று எழுதப்பட்ட கதை.

கதை 9 பக்கம் இருக்கு. படம் எத்தனை நிமிஷம் வரும்?

பக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு திரைக்கதை வடிவத்தில் எழுதிய பக்கத்துக்கு ஓரளவு சரிவரும், சிறுகதைப் பக்கத்துக்கு வராது. "மூன்று நாள் கழிந்தது" என்பது கதையில் ஒரு வரி, படத்திலும் இரண்டு ஷாட்டில் முடிந்துவிடும். "அவன் அவரைப் பார்த்தான்" என்பதும் ஒரு வரிதான், ஆனால் அதற்கு முன்னால் அவன் எங்கே உட்கார்ந்திருந்தான், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதெல்லாம் நிலைநிறுத்தி அந்தப் பார்வைக்கு வந்து சேர ஒரு முழு நிமிடம் பிடிக்கலாம். ஆஸ்கர் கணக்குப்படி டைட்டிலோடு சேர்த்து 40 நிமிடம்வரை குறும்படம்தான். அதற்காக 40 நிமிடத்தை நிரப்பப் பார்க்க வேண்டாம். கடைசி சீனுக்குத் தேவையானவை எத்தனை நிமிடம் கேட்கின்றனவோ அதுதான் படத்தின் நீளம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த பதிலில்.

எங்கிருந்து வெட்ட ஆரம்பிக்கணும்? எல்லாமே முக்கியமா தெரியுது.

கடைசி சீனிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தால் ஒவ்வொரு பத்தியும் அழகாகத்தான் தெரியும், எதிலும் கைவைக்க மனம் வராது. அதனால் கதையை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் கடைசி சீனை மட்டும் எழுதிக்கொண்டு, அதைப் பார்க்கிறவருக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டுமென்றால் அவருக்கு முன்கூட்டியே என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

ரேடியோ கதையில் அப்படி எழுதியபோது நான்கு விஷயம்தான் தேறியது. அவருக்கு இடது காது கேட்காது. அதை அவர் மறைக்கிறார். அந்த ரேடியோ அந்தப் பெண்ணுக்கு வெறும் ரேடியோ இல்லை. பையனுக்கு விஷயம் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கதைக்குத் திரும்பினால், அவர் தொழில் கற்றுக்கொண்ட இரண்டு பக்கம் போய்விட்டது. காது டாக்டரிடம் போகும் பகுதி போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர் போய்விட்டார், அவர் சொல்லும் ஒரே ஒரு முக்கியமான வரி அந்தப் பெண்ணின் வாய்க்கு மாறியது. மூன்று நாள் வேலை ஒரே ராத்திரியாகச் சுருங்கியது, ஏனென்றால் நாள் கணக்கு அந்த நான்கில் எதற்கும் உதவவில்லை. இறந்துபோன மனைவியைப் பற்றிய ஒரு பத்தி மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. நான்கு என்று எழுத ஆரம்பித்தது பத்தாகிவிட்டால், பெரும்பாலும் நீங்கள் கடைசி சீனுக்குத் தேவையானதை எழுதவில்லை, உங்களுக்குப் பிடித்ததை எழுதுகிறீர்கள். ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக் கடைசி சீனைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒன்றும் மாறவில்லையென்றால் அது போகலாம்.

முன்கதையை வெட்டினா அந்த கேரக்டர் யாருன்னே புரியாதே?

புரியும். ஒரு ஆள் இப்போது என்ன செய்கிறார் என்பதிலிருந்தே பார்க்கிறவர்கள் முக்கால்வாசியை ஊகித்துவிடுவார்கள். ஆம்ப்ரோஸ் பியர்ஸின் 'ஆந்தை ஓடைப் பாலம்' கதை (1890) மூன்று பகுதியாக இருக்கும். தூக்கில் போடப்போகிற மனிதன் எப்படி அந்த நிலைக்கு வந்தான், அவனை யார் வந்து சிக்கவைத்தது என்பதைச் சொல்வதுதான் இரண்டாவது பகுதி. 1962இல் ராபர்ட் என்ரிகோ அதைப் பிரான்ஸில் குறும்படமாக எடுத்தபோது அந்தப் பகுதியையே விட்டுவிட்டார். ரயில்பாதையில் கைவைப்பவர் தூக்கிலிடப்படுவார் என்று மரத்தில் ஒட்டிய அறிவிப்பு ஒன்று தொடக்கத்தில் வருகிறது, முன்கதை அதோடு சரி. படம் ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடுகிறது, பேச்சு மிகக் குறைவு. அந்த மனிதன் நல்லவனா, எந்தக் கட்சி என்ற கேள்வி நமக்கு எழுவதே இல்லை, அவன் உயிர் பிழைக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றுகிறது.

இதில் ஒரு இழப்பும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கதையில் அவன் தன் ஆசையாலேயே மாட்டிக்கொண்டான் என்ற கசப்பு உண்டு, படத்தில் அது இல்லை. முன்கதையை வெட்டும்போது கதையின் ஒரு அர்த்தமும் கூடவே போகும். எந்த அர்த்தம் போகிறது என்று தெரிந்து வெட்டுங்கள்.

கதை முழுக்க மனசுக்குள்ள ஓடுற எண்ணம்தான். அதை எப்படிக் காட்டுறது?

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கதையை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் பென்சிலால் குறியுங்கள். கேமராவும் மைக்கும் அப்படியே பிடிக்கக்கூடிய வாக்கியத்துக்கு ஒரு கோடு, பிடிக்க முடியாத எண்ணத்துக்கு ஒரு வட்டம். 'நான்' என்று சொல்கிற கதையில் பக்கம் முழுக்க வட்டமாக இருக்கும், பயப்பட வேண்டாம். அடுத்து ஒவ்வொரு வட்டத்திடமும் கேட்க வேண்டியது: இந்த எண்ணம் இருக்கிற மனிதர், அது இல்லாத மனிதரிடமிருந்து எந்தச் செயலில் வித்தியாசப்படுவார்?

எங்கள் கதையில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே எனக்குத் தெரிவதில்லை." முதல் வரைவில் இதைக் காட்டுவதற்காக நான் டாக்டர் சீனை வைத்திருந்தேன். ஹெட்போன் மாட்டுகிறார்கள், கிராஃப் வருகிறது, டாக்டர் விளக்குகிறார். ஒன்றரை நிமிடம். அப்புறம்தான் உறைத்தது, இந்த வாக்கியத்துக்குள்ளேயே செயல் இருக்கிறது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஒரு காது போனால் அந்தக் கணக்கு போய்விடும், இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் சத்தம் வலது காதில்தான் விழும். ஆகவே வாடிக்கையாளர் இடது பக்கம் நின்று "சார்" என்கிறார், இவர் வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறார், அங்கே யாரும் இல்லை, உடனே வலது பக்கம் எதையோ எடுக்கத் திரும்பியது போல ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, அதன்பிறகுதான் இடது பக்கம் வருகிறார். 8 நொடி. காது கேட்காததும் வந்துவிட்டது, மறைப்பதும் வந்துவிட்டது. நான்கில் இரண்டு ஒரே ஷாட்டில் முடிந்தது. அந்த ஸ்க்ரூ டிரைவர் கதையில் இல்லை, நடித்தவர் ஒத்திகையில் தானாகச் செய்தது.

பையனுக்கு எப்போது தெரிந்தது என்பது இன்னொரு வட்டம். "அவன் எப்போது கண்டுகொண்டான் என்று எனக்குத் தெரியாது" என்பது கதையின் வரி. படத்தில் பையனின் முக்காலி முதலில் மேஜைக்கு இடது பக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு காலை, அவன் கடையைப் பெருக்கிவிட்டு முக்காலியை எடுத்து வலது பக்கம் போட்டுக்கொண்டு உட்காருகிறான். யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஒலியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதையில் எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை அது. அவருடைய காதில் கேட்பது போலக் காட்ட, சத்தத்தை வலது ஸ்பீக்கரில் மட்டும் விடலாம் என்று நினைத்தோம். ஹெட்போனில் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒரே ஸ்பீக்கர் உள்ள மொபைலில் போட்டால் இரண்டு சேனலும் ஒன்றாகக் கலந்துவிடும், எந்த வித்தியாசமும் தெரியாது. கடைசியில் இரண்டு சேனலையும் அப்படியே விட்டுவிட்டு, இடது பக்கப் பேச்சின் கூர்மையையும் அளவையும் மட்டும் குறைத்தோம். எதில் பார்த்தாலும் அது வேலை செய்தது.

உவமைகளை என்ன பண்றது?

அப்படியே விட்டுவிடுங்கள். "ஒரு பக்கம் சுவர் எழுப்பியது போல" என்று கதையில் இருந்தால் சுவரைப் படம் பிடிக்கக் கூடாது. உவமை எழுத்தாளர் மொழியில் செய்த வேலை. அதே உணர்வைப் படத்தில் ஃப்ரேம் செய்யும். அவரை ஃப்ரேமின் ஓரத்தில் வைத்து இடது பக்கம் முழுக்கக் காலியாக விட்டால் போதும்.

வாய்ஸ் ஓவர் வெச்சாலே சோம்பேறித்தனம்னு சொல்றாங்களே?

அப்படி ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். படம் ஏற்கெனவே சொன்னதைக் குரலும் சொல்வதுதான் தவறு. படத்தால் சொல்லவே முடியாத ஒன்றைக் குரல் சொன்னால், அல்லது படத்துக்கு எதிராக ஒன்றைச் சொன்னால், அதற்கு மாற்றே கிடையாது.

எங்கள் முதல் வரைவில் வாய்ஸ் ஓவர் மட்டும் 340 சொல் இருந்தது. நிதானமாக வாசித்து ஸ்டாப்வாட்சில் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கு நிமிடம், அதாவது 12 நிமிடப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு இந்த இடத்தைப் பார்த்தால் இது தெரியுமா என்று பார்த்தோம். "எனக்கு வெட்கமாக இருந்தது": தெரியும், அந்த ஸ்க்ரூ டிரைவரே சொல்கிறது. போனது. "அந்தப் பெண் ரேடியோவைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு வந்தாள்": நடிப்பவர் ஏந்தி வந்தால் முடிந்தது. போனது. "மூன்று நாளாக அதோடு போராடினேன்": போனது.

மிஞ்சியது மனைவியைப் பற்றிய பத்தி. அதை முதலில் ஃப்ளாஷ்பேக்காக எழுதி வைத்திருந்தேன், இளம்வயது மேக்கப், வேறொரு வீடு, இன்னொரு நடிகை. அத்தனை செலவும் செய்து கிடைக்கப்போவது ஒரு மனைவி கணவனைக் கூப்பிடுகிற காட்சி மட்டும்தான். ஆனால் அந்தப் பத்தியில் இருந்த விஷயம் காட்சியில் இல்லை, அவர் இப்போது அதை நினைப்பதில்தான் இருந்தது. ஆகவே ராத்திரி தனியாக அவர் சால்டரிங் வைத்துக்கொண்டிருக்கும் ஷாட்டின் மேல் இந்த வரிகள் மட்டும் வந்தன: "வேலையில உக்காந்துட்டா கூப்புட்டாகூட காது கேக்காதுன்னு அவ சொல்லிட்டே இருப்பா. அப்பல்லாம் கேட்டுச்சு."

இதை எந்த ஷாட்டாலும் சொல்ல முடியாது. படத்தில் ஒரு ஆள் வேலை செய்கிறார், அவ்வளவுதான். குரல் வந்ததும் அந்த வேலையே வேறு மாதிரி ஆகிறது. இப்படி ஒரு வரி உங்கள் கதையில் இருந்தால் தயங்காமல் வையுங்கள்.

இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும்: அந்தக் குரல் எப்போது நின்று பேசுகிறது? நடக்கும்போதே நினைப்பதா, எல்லாம் முடிந்த பிறகு சொல்வதா? முடிந்த பிறகு என்றால், ஆள் எப்படியோ தேறிவிட்டார் என்று பார்க்கிறவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கதை அதைத் தாங்குமா என்று பாருங்கள். பாதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது மட்டும் கூடாது.

வாய்ஸ் ஓவர் எழுத்துத் தமிழ்லயா, பேச்சுத் தமிழ்லயா?

யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. கதைக்குள் இல்லாத ஒருவர் சொல்கிறார், அல்லது ஒரு கடிதம் வாசிக்கப்படுகிறது என்றால் எழுத்துத் தமிழ் இயல்பாகவே நிற்கும், அந்தக் கொஞ்சம் விலகின தொனிதான் அதற்கு அழகு. கதாபாத்திரமே பேசுகிறார் என்றால் சிக்கல். ஒரு ஷாட்டில் "இத அங்க வைடா" என்று சொன்னவர், அடுத்த ஷாட்டில் அவர் மனதுக்குள் "நான் யாரிடமும் சொல்லவில்லை" என்று பேசினால், அது வேறொரு ஆள் புத்தகத்தை வாசிப்பது போலத்தான் இருக்கும்.

ஆனால் எழுத்துத் தமிழை வினைமுடிவு மட்டும் மாற்றிப் பேச்சாக்கினால் போதாது, வாக்கியத்தையே உடைக்க வேண்டும். கதையில் "என் இடது காது என்னை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை" என்று இருந்தது. எழுத்தில் அந்த 'என்பதை' வாக்கியத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. காதுக்கோ, முடிவு வருவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். "இடது காது போயி ஒரு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லல." என்று இரண்டாக உடைந்ததும் நடுவில் ஒரு இடைவெளி வந்தது, அந்த இடைவெளியில்தான் அவர் தெரிந்தார். பிறகு அந்த வரியையும் எடுத்துவிட்டோம், 8 நொடி ஷாட் அதைச் செய்துவிட்டதால். ஆனாலும் எப்படி உடைப்பது என்று நான் கற்றுக்கொண்டது அந்த வரியில்தான்.

எப்ப ரெக்கார்ட் பண்ணணும்? எடிட்ல பாத்துக்கலாமா?

ஷூட்டிங்குக்கு முன்பே மொபைலில் தோராயமாக ஒரு முறை பேசிப் பதிவு செய்துவிடுங்கள், யார் குரலாக இருந்தாலும் பரவாயில்லை. காரணம் எளிது. குரலுக்கு அடியில் ஓட ஒரு ஷாட் வேண்டும், அந்த ஷாட் குரலைவிட நீளமாக இருக்க வேண்டும். மனைவி வரி 9 நொடி. அதற்கு முன்னால் 4 நொடி, பின்னால் 6 நொடி மௌனம் வேண்டியிருந்தது, வரி போய்ச் சேர வேண்டுமே. அப்படியானால் சால்டரிங் ஷாட் வெட்டாமல் 20 நொடியாவது ஓட வேண்டும் என்று ஷூட்டிங்குக்குப் போகும்போதே தெரியும். இது தெரியாமல் 5 நொடி க்ளோஸ்அப்களாக எடுத்துக்கொண்டு வந்தால், எடிட்டில் குரல் ஒரு பக்கமும் கட் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும். இறுதிக் குரலை எடிட் நின்ற பிறகு, நடித்தவரை வைத்தே, மைக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகப் பேசவைத்து எடுங்கள்.

எழுத்தாளர்கிட்ட அனுமதி கண்டிப்பா வேணுமா?

வேண்டும், எழுத்தில், ஷூட்டிங்குக்கு முன்பு. யூடியூபில் சும்மா போடுகிறோம், காசு வாங்கவில்லை என்பதால் மட்டும் அது தேவையில்லை என்று ஆகிவிடாது. எழுத்தாளர் இல்லையென்றால் உரிமை வாரிசுகளிடம் இருக்கும். பெரும்பாலான நாடுகளில் அவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள்வரை அது நீடிக்கும், இந்தியாவில் 60. முடிவை மாற்றப்போகிறீர்கள் என்றால் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசிப் பத்தியில எழுத்தாளர் சொல்ற வரிகள்தான் கதையோட உயிரே. அதை விட முடியுமா?

விடலாம், அதன் இடத்தில் இன்னொன்று வந்தால். தாகூரின் 'போஸ்ட்மாஸ்டர்' கதையில், அந்தச் சிறுமி ரத்தன் அவர் காலில் விழுந்து, எனக்கு எதுவும் தர வேண்டாம் என்று சொல்லி ஓடிப்போகிறாள். படகில் போகும் அவர் மனதில் பிரிவைப் பற்றிய ஒரு தத்துவம் வருகிறது, கதைசொல்லி மனித மனத்தின் பேதைமையைப் பற்றிப் பேசி முடிக்கிறார். 1961இல் சத்யஜித் ராய் எடுத்தபோது படகும் இல்லை, தத்துவமும் இல்லை. கனமான தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் அவரைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகிறாள். அவளுக்குக் கொடுக்க எடுத்த காசு அவர் கையிலேயே நிற்கிறது. புதிதாக வந்தவரிடம் தண்ணீர் கொண்டுவந்திருப்பதாக அவள் சொல்லும் குரல் அவருக்குக் கேட்கிறது. கதைசொல்லி சொன்ன அத்தனையும் அந்தக் குரலில் இருக்கிறது.

எங்கள் கதையும் ஒரு பக்கச் சிந்தனையோடுதான் முடிந்தது, மௌனத்தைப் பற்றி, நன்றியைப் பற்றி. நண்பருக்கு மிகவும் பிடித்த பக்கம். அதை விட்டோம். ஷூட்டிங்கில் வேறொரு சங்கடமும் வந்தது. பையன் ரேடியோவைத் திருப்பி வைத்தால் அந்தப் பெண்ணுக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது, அவர் அவமானப்படுகிறார், அது பையனின் குணத்துக்கே ஒட்டவில்லை. மேஜையின் வலது ஓரத்தில் ஒரு டேபிள் ஃபேன் ஆரம்பத்திலிருந்தே இரைந்துகொண்டிருந்தது. நல்ல காதுக்குப் பக்கத்தில் அந்த இரைச்சல் இருப்பதால்தான் அவருக்கு மெலிதான ரேடியோ கேட்கவில்லை. ஆகவே பையன் ரேடியோவைத் தொடாமல், வியர்த்துக்கொண்டே, எழுந்து ஃபேனை அணைக்கிறான். இரைச்சல் அடங்குகிறது. பாட்டு கேட்கிறது. அவர் தலையை நிமிர்த்துவதில்லை, கை மட்டும் நிற்கிறது. அதோடு படம் முடிகிறது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது.

வெட்டினது சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கதையைப் படிக்காத இரண்டு மூன்று பேருக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். உங்களுக்கும் எழுத்தாளருக்கும் இது தெரியாது, விட்டுப்போனதை எல்லாம் உங்கள் மூளை கதையிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். பார்த்தவர்களிடம் "நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள், "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது தடுமாறுகிற இடம்தான் நீங்கள் அதிகம் வெட்டிய இடம். அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்ட இடம் இன்னும் வெட்ட வேண்டிய இடம்.

நாங்கள் மூன்று பேருக்குக் காட்டினோம். காது விஷயம் மூவருக்கும் புரிந்தது. ஃபேன் ஏன் அணைகிறது என்பதும் புரிந்தது. ஆனால் பையனுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால் மூன்று பேருமே "கடைசியில, ஃபேனை அணைக்கும்போதுதான்" என்றார்கள். முக்காலி இடம் மாறியதை ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை. அது இல்லாவிட்டால் பையன் அந்த நிமிடத்தில் சமயோசிதமாக நடந்துகொண்டவன், அவ்வளவுதான். இத்தனை நாளும் தெரிந்தே பேசாமல் இருந்தவன் என்பது போய்விடுகிறது. எடிட்டில் பார்த்தால் அந்த இடத்தில் நீளம் குறைக்கிறேன் என்று முக்காலி தரையில் படுவதற்கு முன்பே கட் செய்திருந்தோம். 4 நொடியைத் திரும்பச் சேர்த்தோம். அவன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையில் குனிவதுவரை. அடுத்த முறை பார்த்த இரண்டு பேரும் முக்காலியைத்தான் முதலில் சொன்னார்கள்.